மூன்றாவது வண்டியின் சிவப்புத் தகடு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்வார்கள். வண்டியில் பிரேக் ஒன்றுதான் பார்க்கத் தகுந்த பொருள் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. விளக்கு, ஹாரன், ஸ்டியரிங், டயர், வைப்பர் எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அதற்கு ஒரு படிவமும் இருந்தது. படிவத்தில் இல்லாதவை இருட்டில் சாலையில் படுத்திருந்தன.

எண்பதுகளில் ஊர் எல்லையைத் தாண்டினால் சாலையில் ஒரு விளக்கு கிடையாது. லாரி பஞ்சரானால் கிளீனர் பத்துக் கல்லைப் பின்னால் வரிசையாக வைப்பான், ஒரு வேப்பங்கொப்பை ஒடித்துச் செருகுவான். அதுவரை நல்ல வழக்கம். டயரை மாற்றியதும் லாரி போய்விடும், கல் அங்கேயே இருக்கும். கல்லை எடுத்துப் போடும் கிளீனரை என் முப்பத்திரண்டு வருடச் சர்வீஸில் நான் பார்க்கவில்லை. கொள்ளுச் செடியையும் சோளக் கதிரையும் தார் ரோட்டில் பரப்பி, நம் டயரைக் கொண்டே போரடித்துக்கொள்வார்கள். ராத்திரி அதைக் குவித்துச் சுற்றிலும் பாறாங்கல் வைப்பார்கள். தானியத்துக்குக் காவலாம். பகல் வெயிலைக் குடித்த தார் நடுச்சாமம்வரை சூடாக இருக்கும். அந்தக் கதகதப்புக்கு மாடுகள் வந்து படுக்கும். பசுவாவது கண்ணைக் காட்டும். எருமை நம் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே கௌரவக் குறைவாக நினைக்கும்.

இத்தனைக்கும் மேல் ஹெட்லைட் சண்டை. எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்த வேண்டும், 'டிப்' அடிக்க வேண்டும். டிரைவர்கள் மத்தியில் அதற்கு வேறு சட்டம் இருந்தது. முதலில் தாழ்த்துபவன் சின்னப்பயல். இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் அவித்துக்கொண்டு, யார் பணிகிறார்கள் என்று பார்த்தபடியே கடப்பார்கள். ஹெட்லைட் கண்ணாடியின் நடுவில் கறுப்புப் பொட்டு வைக்கச் சொல்லியிருந்தோம். என் கண் முன்னால் வைப்பார்கள், தெருமுக்கைத் தாண்டியதும் துடைப்பார்கள். குழந்தைக்கு வைக்கும் திருஷ்டிப் பொட்டு இதைவிட நாள்பட நிற்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாட்டுவண்டிகளுக்கு ரிஃப்ளெக்டர் அடிக்கும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் பட்டால் சிவப்பாக மின்னும் வட்டத் தகடு. ஊர் வியாபாரிகள் சிலர் இரண்டு கோணி நிறைய வாங்கித் தந்தார்கள். கூமாப்பட்டியில் அறுப்பு முடிந்த ஒரு காலைநேரம், வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பின்பலகையின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாக அடித்தோம். அளவும் நான்தான் குறித்தேன். தரையிலிருந்து இத்தனை அடி, ஓரத்திலிருந்து இத்தனை அங்குலம், ஆடாமல் நாலு ஆணி. முதல் வண்டிக்கு நானே சுத்தியலைப் பிடித்தேன். போட்டோ எடுத்தார்கள். மேலதிகாரியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டவில்லை. ஆனால் எந்த ஃபைலில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த அறுப்பு முடிந்த சமயம். காவல் நிலையத்திலிருந்து வழக்கமான கடிதம் வந்தது. விபத்துக்குள்ளான வேனை ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் வேன். கூமாப்பட்டிப் பக்கத்து ஆட்களை மூன்றாம் ஷிப்டுக்கு ஏற்றிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்திருக்கிறது. சுந்தரபாண்டியத்துக்கு முன்னால், வைக்கோல் ஏற்றி ஒரே வரிசையில் போன மூன்று வண்டிகளில் கடைசி வண்டியின் முதுகில் மோதிவிட்டது. ஒரு காளை செத்தது. வைக்கோல் மேல் படுத்திருந்த வண்டிக்காரருக்குத் தொடையெலும்பு முறிவு. வேனில் வந்தவர்களில் ஒருவருக்கு இரண்டு பல் போயிற்று. மற்றவர்களுக்கு வீக்கமும் சிராய்ப்பும். டிரைவர் மீது அஜாக்கிரதையாக ஓட்டியதாக வழக்கு. லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மில்லில் அவரை வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வேன் நின்றது. முகம் நசுங்கி, ஒரு ஹெட்லைட் குழியாகி, ரேடியேட்டரில் இன்னும் வைக்கோல் செருகியிருந்தது. டிரைவர் பக்கத்தில் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினெட்டு வருடம் அந்த மில் வேனை ஓட்டியவர். நான் பெடலை மிதிக்கும்போதெல்லாம் அவர் காலும் தரையை மிதித்தது.

எஸ்.ஐ. வெளியே வந்தார். இளைஞர். அவசரக்காரர் என்றாலும் கெட்டவர் இல்லை.

"பிரேக் நல்லாத்தான இருக்கு சார்?"

"இருக்கு."

"ஸ்டியரிங்?"

"இருக்கு."

"அப்போ வழக்கமான வரியைப் போட்டுருங்க. சாயங்காலத்துக்குள்ள கேஸ் கட்டைக் கட்டிருவேன்."

வழக்கமான வரி என்பது 'விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல' என்பது. படிக்க நிரபராதியான வாக்கியம். அதற்குக் கோர்ட்டில் ஒரே அர்த்தம்தான்: வண்டி சரி, ஆகவே டிரைவர் தப்பு. ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். பேனாவுக்கே மனப்பாடம்.

"எதிர்ல ஒரு லாரி சார்" என்றார் டிரைவர். "ஃபுல் லைட்டு. நான் டிப் பண்ணிட்டேன். ரெண்டு தடவை அடிச்சும் காட்டினேன். அவன் எறக்கவேயில்ல. அவன் தாண்டினதும் எல்லாம் கருப்பு. பொறவு கண்ணாடி முழுக்க வைக்கோலு."

"வேகத்தக் குறைச்சியா?" என்றேன்.

அவர் குழியான ஹெட்லைட்டைத் தடவினார்.

"கேட்டதுக்குப் பதில்" என்றார் எஸ்.ஐ.

"மூணாம் ஷிப்டு சார். கேட்டு சாத்திட்டா எல்லாருக்கும் அன்னைக்குப் பொழப்பு போயிரும். பின்னாலேருந்து அம்புட்டுப் பேரும் 'போங்கண்ணே போங்கண்ணே'ம்பான். டிப் அடிக்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதான் சார். டிரைவர் பேட்ஜுக்கு வந்தப்ப."

சொல்லிக் கொடுத்தேன்தான். விளக்கைத் தாழ்த்து, வேகத்தைக் குறை, எதிர் வெளிச்சத்தைப் பார்க்காமல் இடதுபக்க ரோட்டு ஓரத்தைப் பார். மூன்றும் சேர்ந்தது ஒரு பாடம். எல்லோருக்கும் நினைவிருப்பது முதல் வரி மட்டும். அதையாவது கடைப்பிடித்த ஒரே மனிதர் இப்போது என் எதிரே குற்றவாளியாக நின்றார். இறக்காத லாரிக்காரர் இந்நேரம் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பார்.

"அந்த வண்டியில லைட்டு இல்ல சார், ஒண்ணுமே இல்ல" என்றார் டிரைவர்.

எஸ்.ஐ. சிரித்தார். "ரிஃப்ளெக்டர் இருக்குய்யா. காலையில எடத்தப் பாத்து மகஜர்லயே எழுதியிருக்கேன். பின்பலகையில ரெண்டு, பளிச்சுனு. சார் அடிச்சதுதான். சார் அடிச்சதையே இல்லங்கிறியா?"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். அன்று கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தேன் என்றால் நீதி உணர்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். தகடு மின்னவில்லை என்று ஒருவன் சொன்னது என் ஆணிகளுக்கே அவமானமாகப் பட்டது. அதைப் பொய் என்று நிரூபிக்கத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வண்டிக்காரரின் காலை மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கல் தொங்கவிட்டு இழுத்து வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"வாங்கய்யா. ஒரு மாட்டக் கொன்னுட்டான் பாத்தியளா? ஜோடி பிரிஞ்சு போச்சு. ஒத்த மாட்ட வச்சு நான் என்ன செய்ய?"

"வண்டியில லாந்தர் இருந்ததா?"

"இல்லாமயா? மொத வண்டி அச்சுக்குக் கீழ தொங்குச்சு."

"மோதினது உங்க வண்டி மேல. உங்க வண்டி கடைசி."

"ஆமா. லாந்தர் மொத வண்டிக்குத்தான். பின்னால வாற மாடு அந்த வெளிச்சத்தப் பாத்து நடக்கும். நாங்க செத்த நேரம் கண்ணசருவோம். கடைசி வண்டியில மாட்டினா மாடு எதப் பாத்து நடக்கும்? திரும்பிப் பாத்தா நடக்கும்?"

அவர் கணக்கில் தவறு இல்லை. விளக்கு மாட்டுக்கு. பின்னால் வரும் மோட்டாருக்குச் சொந்த விளக்கு இருக்கிறது. அதற்கு இன்னொருவர் ஏன் மண்ணெண்ணெய் செலவழிக்க வேண்டும்? ஒவ்வொரு வண்டிக்கும் விளக்கு வேண்டும் என்பது சட்டம். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், காளைகளுக்குத்தான் தெரியாது. ஓட்டியது காளைகள்.

"சரி. பின்பலகையில ரிஃப்ளெக்டர் இருந்ததே, அது மின்னியிருக்கணுமே?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பரிதாபம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அய்யா, வைக்கோல் ஏத்தினா பின்பலகை எங்க தெரியும்? பலகையத் தாண்டி ரெண்டு முழம் பின்னால தொங்குமில்ல. அடிச்ச அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். நீங்க போட்டோவுக்கு நிக்கிற அவசரத்துல இருந்தீய."

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். அது இருமல் இல்லை.

அப்போதுதான் மகஜரும் புரிந்தது. மோதிய வேகத்தில் வைக்கோல் சரிந்து ரோட்டில் கொட்டியிருக்கிறது. காலையில் எஸ்.ஐ. போனபோது வெறும் பலகையில் என் தகடு இரண்டும் வெயிலில் ஜொலித்திருக்கின்றன. விபத்துதான் அவற்றை வெளியே கொண்டு வந்தது. அவர் கண்டதை எழுதினார். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஆனால் அதை நம்பி ஒரு மனிதரின் லைசென்ஸ் போகப்போகிறது.

மறுநாள் எஸ்.ஐ.யிடம், நானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு சார்? படிவத்துல அதுக்கு இடமே இல்லையே."

"தனித்தாள் இணைக்கலாம். விதியில தடையில்ல."

விதியில் தடையில்லை என்று நான் சொன்னால் யாரும் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. எனக்கு அந்தப் பெயர் இருந்தது.

நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போனோம். வண்டிக்காரரின் மச்சான்தான் அன்று நடுவண்டி ஓட்டியவர். அவர் அதே அளவு வைக்கோலை ஏற்றிக்கொண்டு வந்து, அதே இடத்தில், வெள்ளைப் பட்டை அடித்த ஒரு புளியமரத்துக்கு நேராக இடது ஓரம் நிறுத்தினார். மாடுகளை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினோம். நுகத்தடிக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுத்தார். இரண்டு பக்கமும் கான்ஸ்டபிள்கள் டார்ச்சோடு நின்று வண்டிகளை நிறுத்தினார்கள். மில்லின் இன்னொரு வேனைத் தரச் சொல்லியிருந்தேன். டிரைவரிடம் லைசென்ஸ் இல்லை, ஆகவே அவரை ஓட்ட விடவில்லை. பின்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு நான் ஓட்டினேன். பக்கத்தில் எஸ்.ஐ. எதிர்த்திசையில் போலீஸ் ஜீப் முழு வெளிச்சத்தோடு வர வேண்டும் என்று ஏற்பாடு.

"எந்த மரம்னு எனக்கே தெரியும்" என்று எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டுத்தான் கிளப்பினேன். வேகம் நாற்பதுதான். டிரைவர் அன்று அறுபதில் வந்ததாக ஒப்புக்கொண்டிருந்தார்.

ஜீப் வந்தது. நான் என் பாடத்தின்படி விளக்கைத் தாழ்த்தினேன். ரோடு இருபது முப்பது கெஜத்தில் முடிந்துபோனது. அதற்கப்பால் இரண்டு வெள்ளைச் சூரியன்கள். இடது ஓரத்தைப் பார்க்க முயன்றேன். ஓரம் என்று ஒன்று அந்த ரோட்டில் இல்லை. தார் எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்பது பகலிலேயே கருத்து வேறுபாட்டுக்குரியது. மரங்களைக் காணோம். வெள்ளைப் பட்டையைக் காணோம். ஜீப் விர்ரென்று தாண்டியது. சூரியன்கள் போன இடத்தில் பச்சையாக இரண்டு வட்டம் மிதந்தது.

"வண்டி இன்னும் தூரமா சார்?" என்றார் எஸ்.ஐ.

"இன்னும் கொஞ்..."

"பிரேக் சார்!"

கத்தியது பின்சீட்டிலிருந்து. மிதித்தேன். வேன் அலறிக்கொண்டு நின்றது. விளக்குக்கு முன்னால் சுவர்போல வைக்கோல். இறங்கி அடியால் அளந்தேன். நாலரை அடி. அங்கே வண்டி இருப்பது தெரிந்த, அதற்காகவே வந்த, பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டியும் நாலரை அடி. அவர் கத்தாவிட்டால் அதுவும் மிஞ்சியிருக்காது.

எஸ்.ஐ. வண்டியின் பின்னால் போய் டார்ச் அடித்தார். சிவப்பு எங்கும் இல்லை. தொங்கிய வைக்கோலுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார்.

"இருக்கு சார். உள்ள இருக்கு."

"நான்தான் ஆடாம அடிச்சேன்" என்றேன்.

வண்டிக்காரரின் மச்சான் தூரத்தில் நின்று, கான்ஸ்டபிளிடம், "இதுக்கு இம்புட்டுப் பெட்ரோலா? எங்கிட்டக் கேட்டா நானே சொல்லியிருப்பேன்" என்றார்.

டிரைவர் வேனிலிருந்து இறங்கவில்லை. போய்ப் பார்த்தேன். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கும் இப்படித்தான் சார் தெரிஞ்சுது" என்றார்.

அந்த ராத்திரியே எழுதினேன். வழக்கமான வரியை எழுதினேன், ஏனென்றால் அது உண்மை. பிறகு தனித்தாள். எதிர் வெளிச்சம் கடந்தபின் கண் தெளிய சில வினாடிகள் ஆகும்; அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி பதினேழு மீட்டர் போகும்; டிரைவர் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை; லாந்தர் வரிசையின் முதல் வண்டியில் மட்டும் இருந்தது; கடைசி வண்டியின் ரிஃப்ளெக்டர் வைக்கோலால் முழுமையாக மறைந்திருந்தது; அதைப் பொருத்த வேண்டிய இடத்தைத் தவறாக நிர்ணயித்தது இதில் கையொப்பமிடுபவர். கடைசி வாக்கியத்தை எழுத வெகுநேரம் பிடித்தது. மூன்று தடவை 'நிர்ணயிக்கப்பட்டிருந்தது' என்று எழுதி அடித்தேன். செய்தவன் இல்லாமல் காரியம் நடந்ததாகச் சொல்ல நம் அலுவலக நடையில் வசதி உண்டு. பணியில் இருந்தவரை அந்த வசதியைத் தாராளமாகவே அனுபவித்தவன் நான்.

மேலதிகாரி கூப்பிட்டார். "கேட்காததை ஏன் எழுதினீர்?" என்றார். பிறகு எழுத்தில் விளக்கம் கேட்டார். கொடுத்தேன். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார். அதையும் கொடுத்தேன். பாராட்டுக் கடிதம் இருந்த அதே ஃபைலில் அவையும் சேர்ந்தன.

கோர்ட்டில் வழக்கு இரண்டு வருடம் நடந்தது. அதுவரை டிரைவர் மில்லில் நூல் மூட்டை தள்ளினார். நான் சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று டிரைவரின் வக்கீல் இரண்டு கேள்விதான் கேட்டார்.

"ரிஃப்ளெக்டரை அந்த இடத்தில் அடித்தது யார்?"

"நான்."

"வைக்கோல் ஏற்றினால் மறையும் என்று தெரியாதா?"

"தெரியாது. மாட்டுவண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்கவில்லை."

கோர்ட்டில் சிரிப்பு. கம்பை ஊன்றிக்கொண்டு சாட்சிக்கு வந்திருந்த வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வராந்தாவில் அவரும் டிரைவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"ஏலே டிரைவரு, எம் மாடு போச்சு."

"எம் பொழப்பும் போச்சுண்ணே."

"பொழப்பு திரும்ப வரும்லே. மாடு வருமா?"

டிரைவர் அவரை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். டீ வாங்கிக் கொடுத்தார். வண்டிக்காரர் வாங்கிக் குடித்தார்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து டிரைவரை விடுவித்தார்கள். லைசென்ஸ் திரும்ப வந்தது, வேனும் வந்தது. வண்டிகளில் தகடுகளை மாற்றிப் பொருத்த நான் மறுபடியும் கூமாப்பட்டிக்குப் போனேன். இந்தத் தடவை போட்டோக்காரர் இல்லை. எங்கே அடிப்பது என்று கேட்டேன். அடிக்கவே வேண்டாம் என்றார்கள். வைக்கோல் பாரத்தை இறுக்கிக் கட்டும் கயிற்றின் கடைசி முனையில், வெளியே தெரியத் தொங்கவிட்டால் போதுமாம். வெறுவண்டியாகத் திரும்பும்போது அதையே பின்பலகையில் மாட்டிக்கொள்வார்களாம். 'ஆடாமல் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும்' என்ற விதிக்கு இது நேர் விரோதம். தகடு ஆடினால்தான் இன்னும் நன்றாக மின்னுகிறது என்பதை அன்று ராத்திரியே பார்த்துக்கொண்டேன். அதற்கும் விளக்கம் கேட்டார்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சநாள் முன்பு, வத்திராயிருப்பில் வேலை முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ரோட்டில் நின்றேன். மில் வேன் நின்றது. அதே டிரைவர். முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் மூன்றாம் ஷிப்டு ஆட்கள். வேன் முப்பதைத் தாண்டவில்லை.

"அண்ணே, நடந்தே போயிருவோம், எறக்கி விட்டுரு" என்றான் ஒருவன்.

"அண்ணன் பக்கத்துல பிரேக் இன்ஸ்பெக்டர் உக்காந்திருக்காருல, அதான் இந்த நடிப்பு."

"நீ வேற, தெனமும் இப்படித்தான். கேட்டு சாத்திட்டா செவரேறிக் குதிக்க வேண்டியதுதான்."

டிரைவர் காதில் வாங்கவே இல்லை. சுந்தரபாண்டியம் தாண்டி எதிரே ஒரு லாரி வந்தது. ஃபுல் லைட். அவர் தாழ்த்தினார். அவன் தாழ்த்தவில்லை. அவர் வேனை இடது ஓரம் இறக்கி முழுக்க நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். லாரி போன பிறகு திறந்தார், பெரிய விளக்கைப் போட்டார்.

ஐந்தாறு கெஜம் முன்னால், தார் ரோட்டின் சரியான நடுவில், மூன்று எருமைகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

பின்னால் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு எந்த எடத்துல சார் தகடு அடிக்கணும்?"

நான் இறங்கிப் போய் விரட்டினேன். கைதட்டினேன், துறை மொழியில் இரண்டு வார்த்தை சொன்னேன். ஒன்று காதை மட்டும் ஆட்டியது. கடைசியில் ஷிப்டு ஆட்கள் எட்டுப் பேர் இறங்கி வாலைப் பிடித்துத் தூக்கி எழுப்பினார்கள். மில் வாசலுக்குப் போனபோது கேட்டைச் சாத்திவிட்டிருந்தார்கள். எருமையால் தாமதம் என்று வாட்ச்மேனிடம் நான் சாட்சி சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன்.